"வீடியோவைச் சுருக்கு": வேறு சொல் வேண்டும்

கயல்விழி:
குழுவினருக்கு வணக்கம். வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் அனுப்புவதற்காக வீடியோ கோப்பின் எம்பியைக் குறைக்கும் பொத்தான் ஒன்றைத் தமிழாக்குகிறேன். இப்போது "சுருக்கு" என்று இருக்கிறது. அதைப் பார்ப்பவர், மூன்று நிமிடத்தை ஒரு நிமிடமாக வெட்டும் என்று நினைக்கலாம். படத்தின் அகல உயரத்தைக் குறைக்கும் என்றும் நினைக்கலாம். "அமுக்கு" என்று போடலாமா?

தர்சினி (யாழ்ப்பாணம்):
எங்கட பௌதிகப் புத்தகத்தில "அமுக்கம்" எண்டால் நீங்கள் சொல்லுற அழுத்தம். வளியமுக்கம் எண்டு படிச்ச பிள்ளைக்கு அந்தப் பொத்தான் குழப்பமாத்தான் இருக்கும்.

இளங்கோ:
ஜிப் செய்வதற்கே "சுருக்கு" என்றுதான் எழுதுகிறோம். இதுவும் அதே வேலைதானே, சொல்லை மாற்றத் தேவையில்லை. "1080-ஐக் குறைக்காதீர்கள், குறைத்தால் மங்கும்" என்று கீழே ஒரு குறிப்பு மட்டும் சேருங்கள்.

முருகேசன்:
இளங்கோ, இரண்டும் ஒரே வேலை அல்ல. ஜிப்பைப் பிரித்தால் பழைய கோப்பு அப்படியே திரும்பி வரும். வீடியோவில் கண்ணுக்கு அதிகம் தெரியாத விவரத்தை நிரந்தரமாக நீக்குகிறோம். போனில் எடுத்த வீடியோ ஏற்கெனவே அப்படிக் குறைத்துப் பதிந்ததுதான். அதனால் அதை ஜிப் செய்தால் எம்பி அநேகமாகக் குறையாது.

உங்கள் குறிப்பு தலைகீழ் விளைவைத் தரும். மூன்று நிமிடத் தெருக்கூத்துப் பதிவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1080, நொடிக்கு 17 மெகாபிட், ஏறத்தாழ 380 எம்பி. இதைப் பொத்தானின் இலக்கான 16 எம்பிக்குள் கொண்டுவர வேண்டும். 16 எம்பி என்றால் 128 மெகாபிட். 180 நொடிக்குப் பங்கிட்டால் நொடிக்கு 711 கிலோபிட். ஒலிக்கு 96 ஒதுக்கி, கோப்பின் மேற்செலவுக்கும் கொஞ்சம் விட்டால், படத்துக்கு 580 மிஞ்சும். மொத்தச் செலவு இவ்வளவுதான்.

இந்த 580-ஐ 1080 படத்தின் 20 லட்சம் புள்ளிகளுக்குப் பகிர்ந்தால், கூத்தர் சுழலும்போது முகம் கட்டம் கட்டமாக உடையும். 480-க்கு இறக்கினால் புள்ளிகள் நாலு லட்சம்தான். ஒவ்வொன்றுக்கும் ஐந்து மடங்கு பிட் கிடைக்கும். படம் சற்று மென்மையாகத் தெரியும், ஆனால் உடையாது. போன் திரையில் இதுவே தெளிவாக இருக்கும். இதைச் செய்யும் ffmpeg கட்டளைகள்:

```
ffmpeg -y -i koothu.mp4 -vf scale=-2:480,format=yuv420p \
 -c:v libx264 -preset slow -b:v 580k -pass 1 -an -f null /dev/null
ffmpeg -i koothu.mp4 -vf scale=-2:480,format=yuv420p \
 -c:v libx264 -preset slow -b:v 580k -pass 2 \
 -c:a aac -b:a 96k -movflags +faststart out.mp4
```

முதல் ஓட்டத்தில் எந்த இடத்தில் அசைவு அதிகம் என்று அளக்கிறது. இரண்டாவதில் அசையாத இடத்தில் மிச்சம் பிடித்து ஆட்டத்துக்குச் செலவிடுகிறது. விளைவு 15 எம்பியை ஒட்டி வரும். (விண்டோஸில் `/dev/null` இருக்குமிடத்தில் `NUL` என்று எழுதி, வரி இறுதியில் உள்ள `\` இல்லாமல் ஒவ்வொரு கட்டளையையும் ஒரே வரியில் இட வேண்டும்.)

ஆகவே நீளம் வேறு, சட்டகம் வேறு, கோப்பின் கனம் வேறு. "எடைகுறை" என்பது என் பரிந்துரை. "இந்த வீடியோ ரொம்ப ஹெவி" என்று சொல்கிறவருக்கு உடனே புரியும்.

உமா:
சொல்லைப் பற்றி இல்லை, மன்னிக்கவும். நான் பாட வீடியோ அனுப்புகிறேன். கணினித் திரையை அப்படியே பதிந்தது. 480 ஆக்கினால் எழுத்துகளைப் படிக்கவே முடியவில்லை. 720-இல் சரியாக இருந்த கோப்பும் மாணவரிடம் போய்ச் சேரும்போது மங்கிவிடுகிறது.

முருகேசன்:
உமா அவர்களே, உங்களுக்கு 480 பொருந்தாது. ஸ்லைடு அசைவதில்லை, அதனால் பிட் அதிகம் தேவைப்படாது; எழுத்தின் விளிம்புக்குத்தான் புள்ளிகள் வேண்டும். 720-ஐ வைத்துக்கொண்டு இரண்டு கட்டளையிலும் `-vf`-இல் `fps=12,scale=-2:720,format=yuv420p` என்று மாற்றுங்கள். எலியின் அம்பு நகரும்போது கொஞ்சம் வெட்டி வெட்டித் தெரியும், எழுத்து நிற்கும்.

போய்ச் சேரும்போது மங்குவது, செயலி தன் பங்குக்கு இன்னொரு முறை குறைப்பதால். கேலரியிலிருந்து அனுப்பாமல் "ஆவணம்" வழியாக இணைத்தால் கோப்பு தொடப்படாமல் போகும். அனுப்பிய கோப்பையும் சேர்ந்த கோப்பையும் பைட் எண்ணிக்கையில் ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

கயல்விழி:
அந்த இரண்டாவது குறைப்புக்கும் ஒரு சொல் வேண்டும். "மறுகுறியாக்கம்" சரியாக இருக்கும். எச்சரிக்கை வரியில் இடமும் உண்டு. பொத்தானுக்கு "எடைகுறை" பிடித்திருக்கிறது. ஆனால் பக்கத்துப் பொத்தான் "வெட்டு", வினை. "எடைகுறை" பெயர்ச்சொல் போலவும் படிக்கப்படுமே?

இளங்கோ:
ஜிப் விஷயத்தில் நான் சொன்னது தவறு. ஆனாலும் எடை என்றால் கிலோதான் நினைவுக்கு வருகிறது. "அளவு" இருக்கும்போது எதற்கு?

தர்சினி:
"அளவு" எண்டால் அகல உயரமோ எம்பியோ எண்ட கேள்வி திரும்பவும் வரும். அதுக்குத்தானே இவ்வளவும் கதைச்சம். பொத்தானில "எடையைக் குறை" எண்டு பிரிச்சே போடுங்கோ. கலைச்சொல் பட்டியலில "எடைகுறைப்பு" எண்டு பெயராக இருக்கட்டும்.

கயல்விழி:
"எடையைக் குறை" சின்னத் திரையில் இரண்டு வரியாக உடைகிறது. இப்போதைக்கு அதையே இடுகிறேன், 16 எம்பி இலக்கு அதன் கீழ் எண்ணாக வரும். ஒரே சொல்லில் தோன்றினால் எழுதுங்கள். பட்டியலை இன்னும் மூடவில்லை.