கால் ஸ்பிரெட்: விலை மேல் ஸ்டிரைக்குக்கு வந்ததும் தீட்டா கூட்டலாக மாறுவது ஏன்?

முகில்: 100 ஸ்டிரைக் கால் ஆப்ஷன் வாங்கி, 110 ஸ்டிரைக் கால் ஆப்ஷன் விற்று ஒரு ஸ்பிரெட் எடுத்தேன். அப்போது அடிப்படைச் சொத்தின் விலை 100. என் செலவு 2.17. விலை 1 ஏறினால் ஸ்பிரெட்டின் மதிப்பு மாறும் அளவான டெல்டா 0.46, ஒரு நாள் கடந்தால் மாறும் அளவான தீட்டா −0.028 என்று காட்டியது. இப்போது கணிப்பானில் காலாவதிக்கு 30 நாள், வாலட்டிலிட்டி 20 சதவீதம், வட்டி 0 என்று நிறுத்திவிட்டு விலையை மட்டும் ஏற்றிப் பார்க்கிறேன். 105-இல் டெல்டா 0.59, தீட்டா ஏறக்குறைய சுழி. 110-இல் டெல்டா 0.44-க்கு இறங்குகிறது, தீட்டாவோ +0.032. பணம் கொடுத்து வாங்கிய ஸ்பிரெட்டுக்கு நாள் கடந்தால் எப்படி லாபம் வரும்? கணிப்பானில் கோளாறா?

இளவல்: கோளாறு இல்லை. நீங்கள் லாபத்துக்குள் வந்துவிட்டீர்கள், அவ்வளவுதான். நட்டமுமில்லை, லாபமுமில்லை என்ற விலையைத் தாண்டினால் தீட்டா கூட்டலாகிவிடும்.

தேன்மொழி: கூட்டலாக மாறும் என்பது சரி, இடம் சரியில்லை. முகிலுக்குக் காலாவதியில் கணக்கு நேராகும் விலை 102.17. அங்கே தீட்டா இன்னும் கழித்தலில்தான் இருக்கும். நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது தீட்டாவுக்குத் தெரியாது. விலை எந்த ஸ்டிரைக்குக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பதே அதற்கு முக்கியம்.

இரண்டு கால்களையும் தனித்தனியே பாருங்கள், முகில். விலை தன் ஸ்டிரைக்கை ஒட்டி நிற்கும்போதுதான் ஒரு கால் அதிகமாகக் கரைகிறது. 100-இல் நீங்கள் வாங்கியது நாளுக்கு 0.038 கரைகிறது, விற்றது 0.010 மட்டுமே கரைகிறது. கரைவது உங்கள் பொருள், ஆகவே நட்டம். 105-இல் 0.027, 0.029; ஏறக்குறைய சமம். 110-இல் வாங்கியது 0.010, விற்றது 0.042. இப்போது கரைவது நீங்கள் விற்ற பொருள்.

டெல்டாவும் இதே கழித்தல்தான். 100-இல் 0.51-இலிருந்து 0.05, 105-இல் 0.81-இலிருந்து 0.22, 110-இல் 0.95-இலிருந்து 0.51. நடுவில் மேலேறி, இரு ஓரங்களிலும் தாழ்கிறது.

பரிதி: நான் எப்போதும் 110 ஸ்டிரைக் புட் ஆப்ஷன் விற்று 100 ஸ்டிரைக் புட் ஆப்ஷன் வாங்குகிறேன். பணம் முதலிலேயே கைக்கு வருகிறது. அதனால் தீட்டா எனக்கு எந்த விலையிலும் சாதகம்தானே? முகிலும் இந்த வழிக்கு மாறலாமே.

தேன்மொழி: இல்லை, பரிதி. அதே ஸ்டிரைக், அதே காலாவதி, வட்டி 0 என்றால் உங்கள் புட் ஸ்பிரெட்டும் முகிலின் கால் ஸ்பிரெட்டும் ஒன்றே. விலை 100-இல் இருக்கும்போது உங்களுக்கு 7.83 கிடைக்கும், அவர் கொடுத்த 2.17-ஐக் கூட்டினால் சரியாக 10. தீட்டாவும் அதே −0.028. விலை நகராமல் 100-இலேயே காலாவதியானால் நீங்கள் 10 திருப்பிக் கொடுக்க வேண்டும். பொதுவாக விலைக்குக் கீழே உள்ள ஸ்டிரைக்குகளை விற்பதால்தான் தீட்டா எப்போதும் உங்கள் பக்கம் என்று தோன்றுகிறது.

முகில்: இப்போது புரிகிறது. ஆனால் விலை 110-ஐத் தொட்டும் ஸ்பிரெட்டின் மதிப்பு 7.60தான். 10 வரவில்லையே?

தேன்மொழி: மீதி 2.40-ஐத்தான் அந்தத் தீட்டா தவணையாகத் தருகிறது. விலை 110-இல் அப்படியே நின்றால் காலாவதிக்குள் 10 ஆகும். 105-இல் நின்றால் 4.92 என்பது 5 ஆகும், பெரிய மாற்றமில்லை. 100-இல் நின்றால் 2.17 முழுவதும் போகும்.

காலாவதி நெருங்கினால் நடுப்பகுதி வேறாகிவிடும். 3 நாள் இருக்கும்போது 105-இல் டெல்டா 0.99. தீட்டா அங்கே இன்னும் சுழிக்கு அருகேதான். ஆனால் 110-இல் தீட்டா நாளுக்கு 0.13 ஆகிவிடுகிறது, 100-இல் ஏறக்குறைய அதே அளவு எதிர்ப்பக்கம்.

இளவல்: அப்படியானால் விலை 110-க்கு வந்தபின் விற்காமல் காத்திருப்பதே நல்லது. நாளுக்கு நாள் வரவு.

தேன்மொழி: அங்கேதான் எனக்குத் தயக்கம். விலை ஒரே நாளில் 105-க்குத் திரும்பினால் 7.60 என்பது 4.92 ஆகும். போகும் 2.68-ஐ நாளுக்கு 0.032 வீதம் எப்போது ஈட்டுவது? மேலே போனால் டெல்டா குறைந்துகொண்டே வருவதால் வரவும் சுருங்கும். நானாக இருந்தால் பாதியை மூடிவிடுவேன்.

இளவல்: போக்கு வலுவாக இருந்தால் நான் மூட மாட்டேன்.

முகில்: இன்னும் ஒன்று. என் வர்த்தகத் திரையில் தீட்டா 105-இல் சுழியாகவில்லை. சற்றுத் தள்ளித்தான் மாறுகிறது.

தேன்மொழி: கணிப்பானில் இரண்டு காலுக்கும் ஒரே 20 சதவீதம் கொடுத்தீர்கள். சந்தையில் ஒவ்வொரு ஸ்டிரைக்குக்கும் வாலட்டிலிட்டி வேறு. அதனால் மாறும் புள்ளியும் நகரும். திரையில் 100-க்கும் 110-க்கும் தனித்தனியே என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள், பார்க்கலாம்.