ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங்: கார்டு கைக்கு வந்ததும் வாய் உலர்ந்துவிடுகிறது

வரும் சனிக்கிழமை மதியம் கோவையில் எனக்கு ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங். மற்ற மூன்று தேர்வுகளும் வெள்ளிக்கிழமையே முடிந்துவிடும். நடுவில் வரும் அந்த ஒரு இரவை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

மாக் டெஸ்ட்களில் ஊர், வேலை பற்றிக் கேட்கும் முதல் பகுதியில் நன்றாகவே பேசுகிறேன். இரண்டாம் பகுதியில் பேச வேண்டிய தலைப்பு எழுதிய கார்டைக் கொடுத்து 1 நிமிடம் யோசிக்கச் சொன்னதும் வாய் உலர்ந்து, பென்சில் பிடித்த கை நடுங்குகிறது. 2 நிமிடம் வரை பேசலாம், நான் அரை நிமிடத்திலேயே நின்றுவிடுகிறேன். மூன்றாம் பகுதியில் கேள்வி பதிலாக மாறியதும் சரியாகிவிடுகிறது. அதனால் ஆங்கிலம் பிரச்சினை இல்லை என்றே நினைக்கிறேன்.

முழு வாக்கியம் எழுதாமல் யார், எங்கே, எப்போது, ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் குறித்துக்கொண்டால் கொஞ்சம் கூடுதலாகப் பேச வருகிறது. 4 நொடி மூச்சை இழுத்து 6 நொடி விட்டால் கை நடுக்கம் குறைகிறது, வாய் உலர்வது மட்டும் போகவில்லை. மனப்பாடப் பதிலை எக்ஸாமினர் கண்டுபிடித்துவிடுவார் என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை.

இரவு விஷயத்தில் சாயங்காலக் காபியை நிறுத்தியாச்சு. பத்து மணிக்குப் புத்தகத்தை மூடி, பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துவிட்டுப் படுத்தாலும், மனசுக்குள் பதில்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. தூங்க இரண்டு மணி ஆகிறது.

இதே நிலையில் இருந்து தேறியவர்கள், முந்தைய நாள் இரவு ஏழு மணியிலிருந்து தேர்வறைக்குள் போகும்வரை எதை எந்த வரிசையில் செய்தீர்கள்?