கொழுப்பு கூடியும் லீற்றர் விலை குறைந்தது ஏன்?

கண்டாவளை விவசாயி:
இரண்டு ஜேர்சிக் கலப்பு மாடுகள், காலையில் 12 லீற்றர் சங்கத்துக்கு ஊற்றுகிறேன். போன மாதச் சிட்டையில் கொழுப்பு 4.0, கொழுப்புத் தவிர்ந்த திண்மமான எஸ்.என்.எப் 8.5, லீற்றர் 180 ரூபா. இந்த மாதம் கொழுப்பு 4.2 ஆகியும் 175 ரூபாதான் போட்டிருக்கிறார்கள். எஸ்.என்.எப் 8.2 என்று இருக்கிறது. கொழுப்பு கூடினால் விலையும் கூட வேண்டாமா?

புதுக்குடியிருப்பு அக்கா:
எனக்குப் போன மாதக் காசே இன்னும் வரவில்லை. உங்களுக்கு எத்தனையாம் திகதி போடுகிறார்கள்?

மாங்குளம் ரவி:
விலைப்பட்டியலில் கொழுப்பு ஒரு பக்கம், எஸ்.என்.எப் மறுபக்கம். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் இருப்பதுதான் விலை. எஸ்.என்.எப் இறங்கினால் விலையும் இறங்கும். கோபிக்க வேண்டாம், பாலில் தண்ணீர் கலந்துவிட்டதோ?

கண்டாவளை விவசாயி:
கானைக் கழுவி கவிழ்த்து வைத்துத்தான் கறக்கிறோம் தம்பி. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கன்று பால்குடி மறந்துவிட்டது, இப்போது கடைசிப் பாலையும் நாங்களே கறக்கிறோம். பால் வண்டியும் ஒரு மணித்தியாலம் முந்தி வருகிறது.

முன்னாள் பால்நிலைய ஊழியர்:
ரவி பட்டியலைப் பற்றிச் சொன்னது சரி, தண்ணீர்க் கதை பிழை. தண்ணீர் கலந்தால் கொழுப்பும் சேர்ந்துதான் இறங்கும். அண்ணையின் கொழுப்பு ஏறியது கடைசிப் பாலால். மடியில் கொழுப்புக் கூடின பால் அதுதான். அதுவரை அதைக் கன்று குடித்தது.

லக்டோமீற்றர் வைக்கிற நிலையங்களில் எஸ்.என்.எப்பை நேரே அளப்பதில்லை. பாலின் அடர்த்தியைக் காட்டும் அந்தக் கருவியின் வாசிப்பிலிருந்து கணக்குப் போடுகிறார்கள். எங்கள் நிலையத்தில் 27 பாகைக்கான லக்டோமீற்றர் இருந்தது. கணக்கு இது:

```
SNF = CLR/4 + 0.25 × F + 0.44
```

F என்பது கொழுப்பு, CLR என்பது வெப்பநிலைக்குத் திருத்திய வாசிப்பு. 27 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் 0.2 கூட்ட வேண்டும். வண்டி முந்தி வருவதால் உங்கள் பால் சூடு ஆறாமலே போகிறது. சூடான பாலில் லக்டோமீற்றர் தாழ்ந்து நிற்கும். 33 பாகையில் 27 என்று வாசித்தால், திருத்தம் 1.2 சேர்த்து 28.2. அப்படிப் போட்டால் எஸ்.என்.எப் 8.54 வரும். திருத்தாமல் 27 என்றே போட்டால் 8.24. உங்கள் சிட்டையில் இருப்பதும் கிட்டத்தட்ட அதுதான்.

கறந்த கையோடு பாலில் நுரையும் காற்றும் நிற்கும். அதுவும் வாசிப்பைக் குறைக்கும், அதற்குத் திருத்தம் இல்லை.

கண்டாவளை விவசாயி:
அளக்கிற பொடியன் வெப்பமானி வைத்து நான் கண்டதில்லை. எங்கள் பட்டியலில் 4.2-க்கும் 8.5-க்கும் 184 ரூபா. லீற்றருக்கு 9 ரூபா, 12 லீற்றருக்கு நாளுக்கு 108 ரூபா போகிறது!

முன்னாள் பால்நிலைய ஊழியர்:
சண்டைக்குப் போகாமல், நாளைக்கு வெப்பமானி வைத்து அளக்கச் சொல்லிப் பாருங்கள். கறந்ததும் கானைக் கிணற்றுத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி வையுங்கள், அளக்க முன் மெதுவாகக் கலக்குங்கள். அப்படியும் 8.2 வந்தால் தீனியைப் பார்க்க வேண்டும், வைக்கோல் மட்டும் போட்டாலும் இறங்கும்.

மாங்குளம் ரவி:
எங்கள் நிலையத்தில் பாலைச் சோதிப்பது மெசின்தான். அதற்கும் இந்தத் திருத்தம் உண்டா?

முன்னாள் பால்நிலைய ஊழியர்:
மெசினுக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள். அதை எப்போது சரிபார்த்தார்கள் என்று கேளுங்கள்.

கண்டாவளை விவசாயி:
இன்று தொட்டியில் வைத்துக் கொண்டுபோனேன், 8.4 எழுதினார்கள். போன மாதக் கணக்கைத் திருத்த முடியாதாம். அதைக் கூட்டத்தில் கேட்கப்போகிறேன்.