சி4 அடிபட்ட அண்ணனுக்கு ராத்திரி ஃபோன் இயக்க எந்த ஸ்விட்ச் சரிவரும்?

மதுரையிலிருந்து எழுதுகிறேன். எட்டு மாதம் முன் பைக் விபத்தில் அண்ணனுக்குக் கழுத்துத் தண்டுவடத்தில் சி4 அடி. கை அசையாது, தலையைக் கொஞ்சம் திருப்புவார், முகம் நன்றாக வேலை செய்யும். ஆண்ட்ராய்டு 13 ஃபோன், கட்டில் ஸ்டாண்டில்.

குரல் கட்டளை பகலில் சரி. சாயங்காலம் மூச்சு தளர்ந்து குரல் இறங்கிவிடும்.

பிறகு ஃபோனிலேயே உள்ள ஸ்விட்ச் ஆக்சஸ் வசதியில் கேமரா ஸ்விட்ச் வைத்தோம்: கட்டம் தானாக நகரும், வேண்டிய இடத்தில் புருவம் தூக்கினால் தேர்வாகும். நகரும் இடைவெளியை 1 நொடியிலிருந்து 2 நொடியாக்கியதும் தவறு குறைந்தது. ஆனால் விளக்கை அணைத்தால் கேமராவுக்கு முகம் தெரிவதில்லை. பேச்சில் புருவம் உயர்ந்தாலும் ஸ்விட்சை அழுத்தியதாகிவிடுகிறது. நேற்று அப்படித்தான் மாமாவுக்கு ஃபோன் கால் போனது.

இருட்டில் படுத்தபடியே பயன்படுத்த, கன்னத்தால் அழுத்தும் ப்ளூடூத் பட்டனா, உறிஞ்சி ஊதும் குழாயா, உங்கள் அனுபவத்தில் எது இடம் மாறாமல் நிற்கிறது?