`Ref:` வரிக்கு ஒரு சொல்: பார்வையா, தொடர்பா, முன்கடிதமா?

பரந்தனிலிருந்து

வணக்கம். எங்கட கமக்கார அமைப்பின் கடிதங்களை நான்தான் அடிக்கிறனான். இப்ப எல்லாத்தையும் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுகினம். கையில் கிடைத்த ஆங்கில மாதிரியில் மேலே `Kind Attn:`, `Sub:`, `Ref:` என்று மூன்று வரி இருந்தது. `Ref:` என்பதற்குத் "தொடர்பு" என்று எழுதி, அரச கந்தோர்காரர் எங்களுக்குப் போட்ட கடிதத்தின் இலக்கத்தை அதில் போட்டேன். வாய்க்கால் துருசு திருத்துவது பற்றிய கடிதம். மூன்று கிழமையாகப் பதில் இல்லை. நேரில் போய்க் கேட்டால், அந்த வரியைத் தொலைபேசி இலக்கம் என்று நினைத்து விட்டுவிட்டார்கள். எங்கட கடிதம் புதுக் கோவையொன்றில் கிடக்கிறது, மதிப்பீடு பழைய கோவையில் இருக்கிறது. எந்தச் சொல்லைப் போட்டால் இப்படி நடவாது?

வவுனியாவிலிருந்து

அண்ணை, "பொருள்", "பார்வை" என்று போடுங்கோ. தமிழ்நாட்டு அரசுக் கடிதங்களில் அப்படித்தான் இருக்கு. உண்மையில் `Ref:` வரியே தேவையில்லை. வந்த மடலுக்குப் பதில் அனுப்பினால் `Re:` தானாக வருகுது, அதுவும் ரெஃபரன்ஸ்தானே.

ஒட்டுசுட்டானிலிருந்து

தமிழ்நாட்டு வழக்கைப் பற்றித் தம்பி சொன்னது சரி. `Re:` பற்றிச் சொன்னது பிழை. அது லத்தீன் "இன் ரே", அதாவது "இந்த விடயத்தில்". மின்னஞ்சலின் வடிவத்தை வரையறுக்கும் RFC 5322 என்ற ஆவணம் அப்படித்தான் விளக்குகிறது. ஆகவே அது `Sub:` வரியின் இனம். பழைய மடலைச் சுட்டும் வேலையை `In-Reply-To`, `References` என்ற இரண்டு தலைவரிகள் கண்ணுக்குத் தெரியாமல் செய்கின்றன. கந்தோரில் மடலை அச்செடுத்துக் கோவையில் போடும்போது அவை தாளில் வராது. அதனால் கடிதத்துக்குள் ஒரு வரி வேணும்.

"பார்வை" எங்கட பக்கம் எடுபடாது. இங்கே "பார்வைக்கு" என்றால் மேலதிகாரிக்குக் காட்ட வைப்பது. "பொருள்" என்றால் சாமான். "விடயம்" என்று போட்டால் ஒருவருக்கும் விளங்காமல் போகாது.

இனி உங்கட கடிதத்துக்கு வாறன். எங்கட அரச கடிதத்தாளில் "எனது இல.", "உமது இல." என்று அச்சடித்தே இருக்கும். தபால் பதிகிற பிள்ளை முதலில் தேடுவது "உமது இல." வரியைத்தான். அதில் தங்கட கோவை இலக்கத்தைக் கண்டால் கடிதம் நேரே அந்தக் கோவைக்குப் போகும். காணாவிட்டால் புதுக் கோவை திறபடும். கோவை இலக்கம் ஒன்று, எந்தக் கடிதத்துக்குப் பதில் என்பது இன்னொன்று. கோவைக்குள் இருக்கிற கடிதங்களுக்கெல்லாம் அதே இலக்கம் இருக்கலாம், ஒன்றிலிருந்து ஒன்றைத் திகதிதான் பிரிக்கும். நீங்கள் திகதியைப் போடவில்லை, இலக்கத்தையும் அவர்கள் தேடாத பெயருக்குக் கீழே போட்டீர்கள். இப்படி எழுதிப் பாருங்கோ:

உமது இல.: அவர்களின் கோவை இலக்கம், ஓர் எழுத்தும் மாறாமல்
விடயம்: வாய்க்கால் துருசு திருத்தம்
முன்கடிதம்: தங்கள் 2024.03.12 திகதிய கடிதம்

"முன்கடிதம்" என்பது நான் வைக்கிற சொல். வாசித்த உடனே என்னத்தைத் தேட வேணும் என்று தெரியும்.

முழங்காவிலிலிருந்து

எங்கட கடற்றொழிலாளர் சங்கத்துக்குக் கைண்ட் அற்றென்சன் வரிதான் தலையிடி. உத்தியோகத்தரின் பேரைப் போட்டு அனுப்பினோம். அவர் இடமாற்றலாகிப் போய்விட்டார், மடலைத் திறக்க ஆளில்லை. "அன்பான கவனத்திற்கு" என்று எழுதினது பிழையோ, ஐயா?

ஒட்டுசுட்டானிலிருந்து

பிள்ளை, சொல்லால் வந்த வினை இல்லை அது. கடிதம் அலுவலகத்துக்கு, கவனம் ஒருவருக்கு. அதுக்காகத்தான் அந்த வரியே வந்தது. அலுவலகத்தின் பொது மின்னஞ்சலுக்கு அனுப்பி, உள்ளே பதவிப் பெயரைப் போடுங்கோ: "மாவட்டப் பணிப்பாளர் அவர்களின் கவனத்திற்கு". ஆள் மாறினாலும் கதிரை மாறாது. "கைண்ட்" என்பது மரியாதைச் சொல். தமிழில் அதை "அவர்களின்" சுமக்கும். கூட்ட வேணுமென்றால் "மேலான கவனத்திற்கு" போடலாம், "அன்பான" வேண்டாம்.

வவுனியாவிலிருந்து

`Re:` பற்றி விளங்கிச்சு, ஐயா. ஆனால் `Subject` பெட்டியில் ஒருக்கா எழுதின பிறகு, உள்ளே "விடயம்" என்று திரும்ப எழுத வேணுமோ? எங்கட கடிதங்களில் அந்தப் பெயரே இல்லாமல் தலைப்பை அடிக்கோடிட்டுத்தானே எழுதுறது.

ஒட்டுசுட்டானிலிருந்து

வெறும் எழுத்தாகப் போகும் மடலில் அடிக்கோடு நிற்காது. பி.டி.எஃப். இணைப்பை மட்டும் அச்செடுத்தால் பெட்டியில் எழுதினது தாளில் வராது. அதனால் நான் இரண்டு இடத்திலும் எழுதுவேன். அடிக்கோட்டுத் தலைப்பே போதும் என்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

பரந்தனிலிருந்து

நன்றி ஐயா. நாளைக்கே "உமது இல." போட்டுத் திரும்ப அனுப்புறன். ஒரு சிக்கல் மிச்சம் இருக்கு. அடுத்த கடிதத்தில் நான் சுட்ட வேண்டியது கடிதமில்லை, பருவகாலக் கூட்டத்துத் தீர்மானம். அதை "முன்கடிதம்" என்று சொல்ல ஏலாது. "உசாத்துணை" என்றால் புத்தகப் பட்டியல் மாதிரிக் கிடக்கு. வெறுமனே "சுட்டு" என்று போடட்டோ?