புதுப்பிப்பு: உறுமிக்கொண்டு நின்ற கிரைண்டர் மோட்டார்

"கிரைண்டர் மோட்டார் உறுமுது, சுத்த மாட்டேங்குது. கப்பாசிட்டர் மாத்தினா போதுமா?"

இது நான் முன்பு இங்கே கேட்டது. கப்பாசிட்டரை மாற்றத் தேவைப்படவில்லை. ஃபேனுக்கு 2.5 மைக்ரோஃபாரட் போட்டதும் சரியானது, இதற்கும் அதையே போடுங்கள் என்றார் ஒருவர். அறிகுறி ஒன்றுதான், ஆனால் ஃபேனில் கப்பாசிட்டர் ஓடும்போதும் இணைப்பிலேயே இருக்கும். என் கிரைண்டரில் இருப்பது 100 மைக்ரோஃபாரட், கிளப்பிவிட மட்டும்.

மோட்டார் ரீவைண்டிங் செய்யும் அண்ணன் விளக்கியது: மெயின் வைண்டிங் தனியாக இருந்தால் காந்தப்புலம் ஒரே கோட்டில் முன்னும் பின்னும் துடிக்கும், சுழலாது. ஸ்டார்ட்டிங் வைண்டிங்கின் மின்னோட்டத்தை கப்பாசிட்டர் முந்த வைப்பதால்தான் புலம் சுழல்கிறது. வேகம் முக்கால்வாசி வந்ததும் சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் அந்தப் பாதையைத் துண்டித்துவிடும்.

அவர் சொன்னபடி பெல்ட்டைக் கழற்றி, புல்லியைச் சுழற்றிவிட்டு, கையை எடுத்தபின் சுவிட்சைப் போட்டேன். எந்தப் பக்கம் சுழற்றினாலும் அந்தப் பக்கமே ஓடியது. அப்படியென்றால் பேரிங்கும் மெயின் வைண்டிங்கும் சரி, கோளாறு ஸ்டார்ட்டிங் பாதையில். கப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்து அளந்தால் 97. சரிதான். அப்புறம் பின்மூடியைத் திறந்தால், சென்ட்ரிஃபியூகல் சுவிட்சின் காண்டாக்ட் கருகியிருந்தது. மாற்றியதும் ஓடுகிறது.

தன் பம்ப் ஓடியும் தண்ணீர் வரவில்லை என்று கேட்டவருக்கு: மோட்டார் ஓடுகிறதே, உங்கள் கதை வேறு!

காண்டாக்ட் ஏன் கருகியது? லோ வோல்டேஜ் என்கிறார் அண்ணன். எனக்கு மாவுத்தூசி மேலும் சந்தேகம்.