உதவி: ட்ரான்ஸ்பார்மர் தாமதம், வாடிக்கையாளருக்குக் கடிதம் எப்படி எழுதுவது?

அவிநாசி ஒயரிங்:
வணக்கம். அவிநாசி பக்கம் ஒரு புது கார்மெண்ட்ஸ் யூனிட்டுக்கு எச்.டி. வேலை எடுத்திருக்கிறோம். 500 கே.வி.ஏ., 11 கே.வி./433 வோல்ட் ட்ரான்ஸ்பார்மர். மார்ச் 10 ஆர்டர் போட்டோம், ஏப்ரல் 14 டிராயிங் அப்ரூவல் ஆனது. 16 வாரம் என்று சொன்ன கம்பெனி, இப்போது அக்டோபர் 6-ல்தான் அனுப்ப முடியும் என்கிறது. செப்டம்பர் 1-க்குள் கரண்ட் தருவதாக முதலாளியிடம் ஒப்புக்கொண்டிருக்கிறோம். நான் எழுதி வைத்திருப்பது இது:

"சந்தையில் நிலவும் கோர் ஸ்டீல் தட்டுப்பாட்டால் தாமதம் ஏற்பட்டுள்ளது. அக்டோபர் 6-ல் மின்சாரம் வழங்கப்படும். அதுவரை ஜெனரேட்டர் ஏற்பாடு செய்யலாம். ஒத்துழைக்க வேண்டுகிறோம்."

அனுப்பலாமா? முதல் கட்டத்தில் தையல் லைன், லைட் 90 கிலோவாட், கம்ப்ரசர் 45, மற்றவை 15 ஓடினால் போதும்.

சேலம் கான்ட்ராக்ட்ஸ்:
ஒப்பந்தத்தில் ஃபோர்ஸ் மெஜூர் விதி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதைக் காட்டி இரண்டு வரி எழுதினால் போதும், அபராதம் போட முடியாது. ஜெனரேட்டரை நீங்களாக எழுத்தில் கொடுக்காதீர்கள், செலவு உங்கள் தலையில் விழும்.

பழைய டெஸ்டர்:
சேலம் நண்பர் சொல்வதில் பாதி சரி. செலவு யாருடையது என்று சொல்லாமல் ஜெனரேட்டரை எழுதக்கூடாது. ஆனால் சப்ளையர் லேட் செய்வதெல்லாம் அந்த விதிக்குள் வந்துவிடாது, விதியில் எழுதியிருக்கும் வாசகத்தைப் பொறுத்தது. பல ஒப்பந்தங்களில் இத்தனை நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் இருக்கும். அந்தக் கெடுவை முதலில் பாருங்கள் தம்பி.

உங்கள் கடிதத்தில் பெரிய தவறு அக்டோபர் 6. அது ட்ரான்ஸ்பார்மர் கம்பெனி கேட்டைத் தாண்டும் தேதி. அதன் பிறகு லாரி வர வேண்டும். பிளிந்தில் ஏற்றி, மெகர், ரேஷியோ, எண்ணெய் பி.டி.வி. எல்லாம் பார்க்க வேண்டும். மின் ஆய்வாளர் வந்து பார்த்து அனுமதி தர வேண்டும். அப்புறம்தான் போர்டு சார்ஜ் செய்யும். ஆய்வுக்கு இரண்டு வாரம் பிடித்தால்கூட அக்டோபர் கடைசி ஆகிவிடும். 6 என்று எழுதிவிட்டு 31-க்குத் தள்ளினால், அடுத்த கடிதத்தை அவர் படிக்கவே மாட்டார்.

இரண்டாவது, அந்த அக்டோபர் 6-ஐயே நம்பலாமா? கம்பெனிக்கு போன் போட்டு "எப்போது வரும்" என்று கேட்காதீர்கள், "இப்போது எந்த நிலையில் இருக்கிறது" என்று கேளுங்கள். கோர் அடுக்கி முடிந்ததா, காயில் சுற்றியாகிவிட்டதா, டாங்கில் இறக்கியாகிவிட்டதா? சீரியல் நம்பரோடு போட்டோ வாங்குங்கள். கோர் ஷீட்டே வெட்டவில்லை என்றால் அந்தத் தேதி வெறும் ஆசை.

கோர் ஸ்டீல் காரணத்தையும் நீங்களாக எழுதாதீர்கள். நம் நாட்டுத் தேவைக்குப் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது என்பது உண்மை. ஆனால் உங்கள் ட்ரான்ஸ்பார்மருக்கு அதுதான் காரணமா என்பதைக் கம்பெனி லெட்டர்ஹெட்டில் வாங்கி நகலாக இணையுங்கள்.

தோட்டத்துக்காரர்:
எங்கள் ஊரிலும் இதே கதை சார். பம்ப்செட் லைனில் 100 கே.வி.ஏ. எரிந்துபோய் பதினெட்டு நாள் ஆகிறது. இந்தக் கடிதத்தை யாருக்கு எழுத வேண்டும்?

பழைய டெஸ்டர்:
ஐயா, இது முதலாளி சொந்தக் காசில் வாங்கும் ட்ரான்ஸ்பார்மர். உங்களுடையது போர்டு சொத்து. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் புகார் எண் வாங்கி, அந்த எண்ணோடு செயற்பொறியாளருக்கு எழுதுங்கள்.

வாடகை ஜென்செட்:
150 கிலோவாட், பவர் ஃபேக்டர் 0.85 என்றால் 176 கே.வி.ஏ. வரும். 250 கே.வி.ஏ. செட் போதும், 348 ஆம்பியர் தரும். கம்ப்ரசர் ஸ்டார்-டெல்டாதானா? டி.ஓ.எல். என்றால் 45 கிலோவாட் மோட்டார் கிளம்பும்போது ஐந்நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வோல்டேஜ் படுத்து, காண்டாக்டர்கள் எல்லாம் விழுந்துவிடும். எதுவானாலும் கம்ப்ரசரை முதலில் கிளப்பி, பிறகு லைன்களை ஏற்றுங்கள்.

டீசல் கணக்கைக் கடிதத்திலேயே போட்டுவிடுங்கள். லிட்டருக்குச் சுமார் 3.5 யூனிட். சராசரி 100 கிலோவாட்டில் 10 மணி நேரம் ஓடினால் 1000 யூனிட், 286 லிட்டர். லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 26,600 ரூபாய். வாடகை தனி.

அவிநாசி ஒயரிங்:
ஸ்டார்-டெல்டாதான் அண்ணா. கட்டட வேலைக்கு வாங்கிய தற்காலிக கனெக்‌ஷன் 20 கிலோவாட் இருக்கிறது. அதில் ஒரு லைனையாவது ஓட்டினால் டீசல் மிச்சமாகுமே?

பழைய டெஸ்டர்:
கூடவே கூடாது. கட்டட வேலைக்கு வாங்கிய சப்ளையில் உற்பத்தி செய்தால், 2003 மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் அனுமதியில்லாத உபயோகம் என்று மதிப்பிட்டு, கட்டணத்தை இரண்டு மடங்காகப் போடலாம். நீங்கள் யோசனை சொன்ன கடிதம் முதலாளி கையில் இருக்கும்.

இன்னொன்று. உங்கள் எல்.டி. பேனலில் டி.ஜி. இன்கமர் தனியாக இருக்கிறதா? இருந்தால் வாடகை செட்டின் கேபிளை அதில்தான் கட்ட வேண்டும். "ட்ரான்ஸ்பார்மர் இன்கமர் சும்மாதானே இருக்கிறது" என்று அதில் கட்டுவார்கள். அக்டோபரில் ட்ரான்ஸ்பார்மர் வந்து எல்.டி. பக்கம் இணைத்த நிமிடம், ஜெனரேட்டர் 415 வோல்ட்டைப் பின்பக்கமாக ஊட்டும். அந்தப் பக்கம் எச்.டி. புஷிங்கில் 11,000 வோல்ட் அளவுக்கு நிற்கும், அங்கே உங்கள் ஆள் ஸ்பேனரோடு லக் முறுக்கிக்கொண்டிருப்பான். ட்ரான்ஸ்பார்மர் இன்கமரை வெளியே இழுத்துப் பூட்டி, சாவியை சைட் இன்ஜினியர் வைத்திருக்க வேண்டும். செட்டுக்கு நியூட்ரலுக்கு இரண்டு எர்த், பாடிக்கு இரண்டு எர்த் தனித்தனியாக.

அவிநாசி ஒயரிங்:
டி.ஜி. இன்கமர் இருக்கிறது, 400 ஆம்பியர், கீ இன்டர்லாக்கோடு. போட்டோ கேட்டேன். கோர் அடுக்கியாகிவிட்டது, எச்.வி. காயில் சுற்றுகிறார்கள். மாற்றி எழுதியது இது:

> ஐயா, தங்கள் யூனிட்டுக்கு செப்டம்பர் 1-ல் மின்சாரம் தருவதாகச் சொல்லியிருந்தோம். அந்தத் தேதியில் தர இயலாது.
>
> டிராயிங் அப்ரூவலிலிருந்து 16 வாரம் என்று ஒப்புக்கொண்ட ட்ரான்ஸ்பார்மர் கம்பெனி, இப்போது அக்டோபர் 6-ல் அனுப்புவதாக எழுதியுள்ளது. அவர்கள் கடிதமும் வேலை நிலையின் போட்டோவும் இணைப்பில் உள்ளன. ஏற்றுதல், சோதனை, மின் ஆய்வாளர் அனுமதி ஆகியவற்றைச் சேர்த்து அக்டோபர் 31-ல் சார்ஜ் ஆகும் என்று எதிர்பார்க்கிறோம். ஆய்வு தேதி எங்கள் கையில் இல்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் நிலவரம் எழுதுவோம்.
>
> செப்டம்பர் 1 முதல் 250 கே.வி.ஏ. ஜெனரேட்டர் வைக்கலாம். 150 கிலோவாட் வரை ஓடும். முழு ஏ.சி.யும் இரண்டாவது கம்ப்ரசரும் ஓடாது. கேபிள், எர்த்திங், இணைப்பு வேலை எங்கள் செலவு. வாடகையில் பாதி எங்களுடையது. டீசல் தங்களுடையது, சராசரி 100 கிலோவாட்டில் 10 மணி நேரத்துக்குச் சுமார் 286 லிட்டர்.
>
> செட்டைப் பதிவு செய்ய ஆகஸ்ட் 12-க்குள் தங்கள் சம்மதம் வேண்டும்.

பழைய டெஸ்டர்:
இது கடிதம். ஒரு வரி சேர்க்க வேண்டும். மார்ச் 10 ஆர்டர், ஏப்ரல் 14 அப்ரூவல், நடுவில் ஐந்து வாரம். அந்த டிராயிங் யார் மேஜையில் இருந்தது? உங்கள் மேஜை என்றால் நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் மேஜை என்றால் தேதியை மட்டும் எழுதுங்கள், குற்றம் சாட்டாதீர்கள். செட் பதிவு செய்யும் முன் அதற்கும் ஆய்வாளர் அனுமதி வேண்டுமா என்று மின் ஆய்வுத் துறையில் கேட்டுவிடுங்கள்.

சேலம் கான்ட்ராக்ட்ஸ்:
பாதி வாடகையை எழுத்தில் ஒப்புக்கொள்வது இன்னும் எனக்குச் சரியாகப் படவில்லை. "பொறுப்பை ஏற்காமல், நல்லெண்ண அடிப்படையில்" என்றாவது சேருங்கள்.

வாடகை ஜென்செட்:
டீசலிலும் முதலாளி பேரம் பேசுவார். போர்டு கரண்ட் வந்திருந்தால் அவர் கட்டியிருக்கக்கூடிய யூனிட் விலையைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் கேட்பார். அந்தக் கணக்கையும் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

அவிநாசி ஒயரிங்:
டிராயிங் மூன்று வாரம் எங்கள் ஆபீசில் இருந்தது. அதை எழுதிவிட்டேன். சேலம் அண்ணன் சொன்ன வரியையும் சேர்த்தாயிற்று. நாளைக் காலை நேரில் கொடுக்கிறேன். டீசல் வித்தியாசத்தில் எதுவரை இறங்கலாம் என்றுதான் தெரியவில்லை.